படிகள் எதற்கு? படிக்கிணறும் தெப்பக்குளமும் வேலை செய்யும் விதம்

நிலத்தடி நீர் ஒரே இடத்தில் நிற்பதில்லை. மழைக்காலத்தில் மேலே வரும், கோடையில் கீழே போகும். சில ஊர்களில் இந்த ஏற்ற இறக்கம் ஓர் ஆள் உயரம்தான் இருக்கும். குஜராத், ராஜஸ்தான் போன்ற வறண்ட பகுதிகளில் அது பல மீட்டர் இருக்கும். சாதாரணக் கிணற்றில் இதைச் சமாளிக்கக் கயிற்றை நீட்டினால் போதும். ஆனால் அந்தக் கிணற்றில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் தண்ணீர் எடுக்க முடியும்? இரண்டு பேர், மிஞ்சினால் நான்கு பேர். கயிறும் குடமும் கையில் இல்லாத வழிப்போக்கர் மற்றவர்களின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டியதுதான்.

இதற்குக் கண்ட வழிதான் படி. தண்ணீர் மேலே வராவிட்டால் மனிதர்கள் கீழே போகலாம். நீர் பத்தாவது படியில் நின்றாலும் எண்பதாவது படியில் நின்றாலும் இறங்கிப் போய்த் தொட்டுவிடலாம். படிக்கிணற்றுக்கும் கோயில் குளத்துக்கும் பொதுவான விஷயம் இது ஒன்றுதான். மற்றபடி இரண்டும் எதிரெதிராக வேலை செய்பவை. படிக்கிணறு நிலத்தடி நீரைத் தேடிக் கீழே போகிறது. கோயில் குளம் மேலே ஓடுகிற நீரைப் பிடித்து நிறுத்தி, அதில் ஒரு பங்கை நிலத்துக்குள் அனுப்புகிறது.

முதலில் படிக்கிணறு. ஒரு சின்னக் கணக்கு போட்டால் அதன் வடிவம் ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கிவிடும். 20 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு படியின் உயரம் 20 செ.மீ., அகலம் 30 செ.மீ. என்றால் 100 படி வேண்டும். அந்த 100 படியும் ஒரே நேர்கோட்டில் இறங்கினால் தரையில் 30 மீட்டர் நீளம் பிடிக்கும். தலையில் குடத்தோடு ஏறுபவர் மூச்சு வாங்கி நிற்க இடையிடையே தளம் விட்டால் இன்னும் நீளும். குஜராத்தில் பாட்டன் நகரில் இருக்கிற ராணி கி வாவ் என்ற படிக்கிணறு சுமார் 27 மீட்டர் ஆழமானது. அதன் நீளம் ஏறக்குறைய 64 மீட்டர். பிரமாண்டம் காட்டவேண்டும் என்பதற்காக மட்டும் வந்த நீளமல்ல, அது. இறங்குகிற ஆழமே அவ்வளவு நீளத்தைக் கேட்கும்.

இங்கே இன்னொரு சிக்கல் வருகிறது. 64 மீட்டர் நீளத்துக்கு ஓர் அகழி வெட்டினால் அதன் இரு பக்கச் சுவர்களையும் மண் உள்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடும். வட்டக் கிணற்றுக்கு இந்தக் கவலை குறைவு, ஏனென்றால் வளையத்தில் உள்ள கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு அழுத்தத்தைத் தாங்கிவிடும். நேர்ச்சுவருக்கு அந்த வசதி கிடையாது. வாவ் என்று குஜராத்தில் சொல்கிற இந்தப் படிக்கிணறுகளில் படிகளின் மேலே அடுக்கடுக்காகத் தூண் மண்டபங்கள் நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவை நிழல் தருகின்றன, சிற்பங்களுக்கு இடம் தருகின்றன. கூடவே அவற்றின் உத்தரக் கற்கள் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை முட்டுக்கொடுத்து, இரண்டும் உள்ளே சாயாமல் பிடித்துக்கொள்கின்றன. அகமதாபாத் அருகே அடாலஜில் 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டி முடிக்கப்பட்ட வாவிலும் இதே முறைதான், ஐந்து தளங்களாக.

நீளம் வேண்டாம் என்றால் வேறு வழியும் இருக்கிறது. ராஜஸ்தானில் ஆபானேரி என்ற ஊரில் உள்ள சாந்த் பாவ்ரி சதுரமானது. மேலே அகன்று, கீழே போகப் போகக் குறுகும். அதன் மூன்று பக்கங்களிலும் சின்னச் சின்னப் படிவரிசைகள் 13 நிலைகளாக இறங்குகின்றன. மொத்தம் சுமார் 3,500 படி என்கிறார்கள். இதில் சூட்சுமம் என்னவென்றால், படிகள் கிணற்றின் நடுவை நோக்கி இறங்குவதில்லை. சுவரை ஒட்டி, பக்கவாட்டில் இறங்குகின்றன. ஒரு சின்ன வரிசை முடிந்ததும் ஒரு குறுகிய தளம், அங்கிருந்து அடுத்த வரிசை. இப்படிப் பக்கவாட்டில் இறங்குவதால் சுவர் எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் படி ஏறுவதற்குச் சுலபமாகவே இருக்கும். தண்ணீர் எந்த நிலையில் நின்றாலும் மூன்று பக்கமும் ஏராளமானோர் ஒரே நேரத்தில் மொள்ளலாம்.

இதெல்லாம் வடக்கே மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். திருச்சி அருகே திருவெள்ளறையில், புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலுக்கு வெளியே மாற்பிடுகு பெருங்கிணறு என்று ஒன்று இருக்கிறது. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், அதாவது கி.பி. 800-ஐ ஒட்டி, கம்பன் அரையன் என்பவர் தோண்டுவித்தது என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக வடிவம். நடுவில் சதுரமான கிணறு, நான்கு பக்கமும் படிவழி, ஒவ்வொரு வழியும் பாதியில் செங்கோணமாகத் திரும்புகிறது.

அந்தத் திருப்பம் அலங்காரத்துக்காக மட்டும் இருக்க முடியாது. நான்கு வழிகளும் நேராக, கூட்டல் குறிபோல இருந்திருந்தால், ஒரு வழியில் நுழைபவருக்கு மேலேயிருந்தே நடுக்கிணறும் எதிர்வழியும் தெரிந்துவிடும். வழி மடங்குவதால் பார்வை மறைகிறது. ஒரு துறையில் குளிப்பவரை இன்னொரு துறையில் இருப்பவர் பார்க்க முடியாது. இடமும் மிச்சமாகிறது. 20 மீட்டர் நீளப் படியை இரண்டாக மடக்கினால் அது பத்துப் பத்தாக ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். நான்கு வழிக்கும் இப்படிச் செய்தால் கிணற்றுக்கு வேண்டிய மனையின் அளவு நன்றாகவே குறைகிறது.

அந்தக் கல்வெட்டில் ஒரு பாட்டும் இருக்கிறது. மூப்பு வந்து உன்னைத் தளரச் செய்வதற்கு முன்னால், "உண்டேல் உண்டு மிக்கது உலகம் அறிய வைம்மின்" என்று அது முடியும். இருப்பதில் உனக்கு வேண்டியதை உண்டுவிட்டு, மிச்சத்தை உலகம் அறியும்படி வைத்துவிட்டுப் போ என்கிறது. கிணறு வெட்டக் காசு கொடுக்கிறவரின் மனநிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன இடம் எனக்குத் தெரிந்து இல்லை. புண்ணியமும் வேண்டும், பெயரும் வேண்டும், இரண்டையும் அது மறைக்கவில்லை. குஜராத்திலும் கதை இதுதான். ராணி கி வாவ் சோலங்கி அரசன் முதலாம் பீமனின் நினைவாக அவன் மனைவி உதயமதி கட்டுவித்தது. அடாலஜ் வாவைக் கட்டி முடித்தவரும் ரூடாபாய் என்ற அரசிதான்.

படிக்கிணற்றைப் புகழ்கிற கட்டுரைகள் பெரும்பாலும் ஒரு விஷயத்தை விட்டுவிடுகின்றன. இறங்கிப் போய்த் தொடலாம் என்ற அதே வசதிதான் அதன் பெரிய ஆபத்தும். குடிக்கிற தண்ணீருக்குள் மனிதர்களின் கால் படுகிறது. நரம்புச்சிலந்தி என்ற நோய் இப்படித்தான் பரவியது. உடலுக்குள் நீளமாக வளரும் ஒரு புழு, காலில் கொப்புளமாகி வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைத் தண்ணீரில் வைத்தால், புழு அங்கே ஆயிரக்கணக்கான குஞ்சுகளை விடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு நீர்ப்பூச்சி அவற்றைத் தின்னும். அந்தத் தண்ணீரை வடிகட்டாமல் குடிப்பவருக்கு நோய் வரும். கயிறு போட்டு இறைக்கும் கிணற்றில் இந்தச் சங்கிலி அறுந்துவிடும், காரணம் யாரும் தண்ணீரில் கால் வைப்பதில்லை. அதனால்தான் ஒழிப்புத் திட்டத்தில் பல படிக்கிணறுகளை மூடி, இறைக்கும் கிணறுகளாக மாற்றினார்கள். இந்தியாவின் கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000-இல் இந்தியா இந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. படிக்கிணறுகள் கைவிடப்பட்டதற்குக் குழாய்த் தண்ணீரும் ஆழ்துளைக் கிணறும் பெரிய காரணங்கள்தான். ஆனால் வெறும் அலட்சியத்தால் மட்டும் அவை மறைந்தன என்று சொல்வது நியாயமில்லை.

சரி, இப்போது குளத்துக்கு வருவோம். மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது. அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் பிறகு குளமானது என்று மதுரையில் சொல்வார்கள். நீளம் சுமார் 1,000 அடி, அகலம் 950 அடி. நான்கு பக்கமும் கருங்கல் படித்துறைகள், நடுவில் மைய மண்டபம். மீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 305-க்கு 290. பரப்பு சுமார் 88,000 சதுர மீட்டர். ஆக, இந்தக் குளத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 8.8 கோடி லிட்டர்.

இவ்வளவு பெரிய திறந்த பரப்பில் வெயிலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், தினமும் 4.4 லட்சம் லிட்டர் போய்விடும். தை தொடங்கி வைகாசி வரை ஐந்து மாதம் வரத்தே இல்லை என்றால் வெயில் மட்டுமே முக்கால் மீட்டர் நீரைக் குடித்துவிடும். இதோடு மண்ணுக்குள் இறங்குவதையும் சேர்க்க வேண்டும். படிக்கிணற்றில் நீர்ப்பரப்பு சிறியது, ஆழத்தில் நிழலில் இருப்பது. அங்கே இந்த இழப்பு ஒரு பொருட்டே இல்லை. குளத்துக்கோ ஆண்டுதோறும் எங்கிருந்தாவது தண்ணீர் வந்தாக வேண்டும். அந்தக் குளத்தின் பரப்பில் நேராக விழும் மழை மட்டும் அதற்குப் போதாது.

அதனால் கோயில் குளத்தில் மிக முக்கியமான பாகம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று: வரத்துக் கால்வாய். வண்டியூர்க் குளத்துக்கு வைகையிலிருந்து நிலத்தடியில் கால்வாய் வந்தது. சிறிய ஊர்களில் ஏரியிலிருந்தோ ஆற்று வாய்க்காலிலிருந்தோ வரும். தண்ணீர் குளத்தில் விழுவதற்கு முன்னால் கொஞ்சம் நின்று நிதானிக்க ஒரு சிறு தொட்டி இருந்தால் வண்டல் அங்கேயே படிந்துவிடும். நிறைந்த பிறகு மிச்ச நீர் வெளியேற எதிர்ப்பக்கம் ஒரு போக்கு இருக்கும். அங்கிருந்து அது அடுத்த குளத்துக்கோ வயலுக்கோ போகும்.

வண்டியூர்க் குளம் பல ஆண்டுகள் வற்றிக் கிடந்து, பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடிய கதை மதுரைக்காரர்களுக்குத் தெரியும். மதுரையில் மழை பெய்யாமல் போனதால் மட்டும் அது வற்றவில்லை. வைகையில் மணல் போய் ஆற்றின் மட்டம் இறங்கிவிட்டது, கால்வாய் தூர்ந்து அடைபட்டது. ஆற்றின் மட்டம் கால்வாய் வாயைவிடக் கீழே போய்விட்டால், ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் குளத்துக்கு வராது. தெப்பத் திருவிழாவுக்கு மோட்டார் வைத்து நிரப்பிச் சமாளித்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தி, பனையூர்க் கால்வாயைச் சீர்செய்த பிறகுதான் வைகைத் தண்ணீர் மறுபடியும் தானாக உள்ளே வந்தது. குளத்துக்குள் ஒரு கல்லைக்கூட மாற்றாமல் குளத்தைச் செத்துப்போகவும் வைக்கலாம், பிழைக்கவும் வைக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அப்புறம் அடித்தளம். குளத்தின் தரை மண்ணாக இருக்க வேண்டும். அந்த மண்ணின் குணம்தான் நீர் எவ்வளவு காலம் நிற்கும், சுற்றியுள்ள தெருக்களின் கிணறுகளுக்கு எவ்வளவு போகும் என்பதை முடிவு செய்கிறது. மணலாக இருந்தால் தண்ணீர் வேகமாக உறிஞ்சப்படும். கிணறுகள் நிறையும், குளம் சீக்கிரம் காலியாகும். களிமண்ணாக இருந்தால் குளத்தில் நீர் நிற்கும், கிணறுகளுக்கு மெதுவாகத்தான் போகும். ஒவ்வோர் ஆண்டும் படியும் நுண்ணிய வண்டல் இந்தச் சமநிலையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும். எனவே தூர் வாருவது என்றால் முடிந்தவரை ஆழமாகத் தோண்டுவது அல்ல. புதிதாகப் படிந்த வண்டலை எடுத்துவிட்டு, அடியில் உள்ள பழைய களிமண் படலத்தை விட்டுவிட வேண்டும். அதையும் கிழித்துவிட்டால் அடுத்த மழையில் நிறைந்த குளம் சில வாரங்களில் வெறிச்சோடும். இதற்குப் பயந்து தரைக்கு சிமெண்ட் போடுவது அதைவிட மோசம். அப்போது குளம் வெறும் தொட்டியாகிவிடும். கிணறுகளோடு அதற்கிருந்த உறவு அறுந்துவிடும்.

படிச்சுவர்களுக்கும் இதே விதி பொருந்தும். பழைய குளங்களில் கற்களைச் சுண்ணாம்புச் சாந்து குறைவாகவோ சாந்தே இல்லாமலோ அடுக்கியிருப்பார்கள். கற்களுக்கு இடையே உள்ள சந்துகள் குறை அல்ல. மழையில் கரை மண் நனைந்து கனக்கும்போது அந்த ஈரம் சந்துகளின் வழியாகக் குளத்துக்குள் கசிந்து வடிந்துவிடும். மராமத்து என்ற பெயரில் இந்தச் சந்துகளையெல்லாம் சிமெண்ட் பூசி அடைத்தால் தண்ணீர் சுவருக்குப் பின்னாலேயே தேங்கும். குளம் நிறைந்திருக்கும் வரை உள்ளே இருக்கிற நீர் எதிர்ப்பக்கம் அழுத்திச் சுவரைத் தாங்கும். குளம் வற்றியிருந்து, கரை மட்டும் ஊறிப்போனால் தாங்க ஆளில்லை, படிவரிசை அப்படியே சரியும். பெருமழைக்குப் பிறகு வற்றிய குளங்களின் சுவர் இடிவது இதனால்தான். சுத்தம் செய்வதற்காக ஒரே மூச்சில் பம்பு வைத்து நிறைகுளத்தைக் காலி செய்வதும் இதே ஆபத்தை வரவழைக்கும். சில நாட்கள் விட்டு மெல்ல இறக்குவதுதான் முறை.

திருவிழாவுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. வண்டியூரில் தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் ஏறுவார்கள், கரையில் நிற்பவர்கள் வடம் பிடித்து இழுக்க, தெப்பம் மைய மண்டபத்தைச் சுற்றி வரும். தெப்பம் மிதக்கத் தண்ணீர் வேண்டும், கரையோரம் வடம் இழுக்க வழி வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, குளம் நிறைந்திருக்க வேண்டிய நேரத்தில் வருகிறது இந்த விழா. நீர் வராவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். கால்வாயைப் பார்க்காமல் விட்டவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஐயங்கார்குளத்தில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. அங்குள்ள நடவாவி கிணற்றில் தரைக்குக் கீழே ஒரு மண்டபமே இருக்கிறது, ஆண்டின் பெரும்பகுதி நீரில் மூழ்கியபடி. சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் அதற்குள் எழுந்தருள வேண்டும் என்பதால், முன்கூட்டியே நீரை இறைத்து, சேற்றை எடுத்துச் சுத்தம் செய்கிறார்கள். விழா முடிந்ததும் ஊற்று மறுபடியும் நிரப்பிவிடும். கோடையில், நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது கிணற்றைத் தூர் வார வேண்டும் என்று எந்தப் பொறியாளரைக் கேட்டாலும் சொல்வார். விழா நாள் அந்த வேலைக்குத் தேதி குறித்துவிடுகிறது. இது திட்டமிட்டு அமைந்ததா, தற்செயலா என்பது வேறு விவாதம். பலன் என்னவோ ஒன்றுதான்.

குளமும் கிணறும் ஊருக்குப் பொது என்று சொல்லும்போது யார் அந்த ஊர் என்பதையும் கேட்க வேண்டும். எல்லாத் துறையும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. கோயில் குளங்களில் தலித் மக்கள் இறங்க முடியாத நிலை நெடுங்காலம் இருந்தது. பொதுக்குளங்களிலும் அப்படித்தான். மகாராஷ்டிரத்தின் மகாட் நகரில் இருந்த சவதார் குளம் கோயில் குளம்கூட அல்ல. எல்லாரும் பயன்படுத்தலாம் என்று நகராட்சி தீர்மானம் போட்டும் நடைமுறையில் தடை இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு ஊர்வலமாகப் போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதையே பெரிய தீட்டாக எடுத்துக்கொண்டு ஆதிக்க சாதியினர் பிறகு குளத்துக்குத் தீட்டுக் கழிக்கும் சடங்கு செய்தார்கள். எத்தனை பேர் வேண்டுமானாலும் இறங்கலாம் என்று கட்டப்பட்ட படிகளில் யார் இறங்கலாம் என்பதைத் தீர்மானித்தது கல் அல்ல.

உங்களுக்குத் தெரிந்த ஒரு குளம் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். முதலில் வரத்து வாயைத் தேடுங்கள். அது சுற்றியுள்ள சாலையைவிட உயரத்தில் இருந்தால் தெருத் தண்ணீர் உள்ளே வராது. சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் சாய்வு மாறினாலும் தெருத் தண்ணீர் குளத்தை விட்டு விலகி ஓடும்; அல்லது சாக்கடையும் சேர்ந்து உள்ளே வரும். பச்சைப் பசேலென்று பாசி பிடித்த நீர் சாக்கடை கலப்பதைக் காட்டலாம். பிறகு நீர் எந்தப் படியில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, மழையில்லாத ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். ஐந்து செ.மீ. வரை இறங்கியிருந்தால் அதற்கு வெயிலே போதுமான காரணம். ஒரு முழுப் படி இறங்கியிருந்தால் தரை உறிஞ்சுகிறது. அப்போது பக்கத்துத் தெருவில் ஏதாவது ஒரு வெட்டுக்கிணற்றை எட்டிப் பாருங்கள். அங்கே நீர் ஏறியிருந்தால் குளம் தன் வேலையைச் செய்கிறது. அங்கேயும் ஏறவில்லை என்றால், ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீர்மட்டத்தை எங்கேயோ கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டன என்று சந்தேகப்படலாம். அந்த நிலையில் குளத்தை மட்டும் தூர் வாரிப் பயனில்லை.